நாற்பது பேர் சென்ற நடை எது? சராசரியைக் கற்பிக்க ஒரு கதை

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக்குப் பிறகு வரும் மாணவர்களின் பெயரை எழுத ஒரு நோட்டு உண்டு. சில ஆண்டுகளாக அது என் பொறுப்பில் இருக்கிறது. ஒரு ஆண்டு அதில் ஒரே ஊரைச் சேர்ந்த ஐந்து பிள்ளைகளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கேட்டால், "பஸ் நிக்கல சார்" என்பார்கள். அதை நான் சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். வாசலில் நிற்க வைத்திருக்கிறேன், பெற்றோரை வரச் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு நாள் என் வண்டி பழுதாகி, அந்த ஊர் நிறுத்தத்தில் நானே பேருந்துக்காக நின்றேன். வந்த பேருந்து படிக்கட்டு வரை ஆட்களோடு, எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அன்று பிற்பகலில் ஏழாம் வகுப்பில் நான் நடத்தியது கூட்டுச் சராசரி. உறுப்புகளைக் கூட்டு, எண்ணிக்கையால் வகு. எல்லாரும் சரியாகவே செய்தார்கள். "இந்த விடை எதைச் சொல்கிறது?" என்று கேட்டபோதுதான் வகுப்பு அமைதியானது. ஒரு மாணவி மட்டும், "எல்லாரும் கிட்டத்தட்ட அவ்வளவு வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம் சார்" என்றாள். அது தவறான விடை. ஆனால் அதுவரை நான் நடத்திய முறையில் அவளுக்கு வேறு விடை தெரிந்திருக்க வழியில்லை.

அதற்காக எழுதியதுதான் கீழே உள்ள கதை. ஊரும் ஆளும் எண்களும் கற்பனை. வகுப்பில் படித்துக் காட்டப் பத்து நிமிடம் ஆகும். அதை ஒட்டிய கணக்குக்கு இரண்டு பாடவேளை தேவைப்படும்.

நடத்துநரின் நோட்டு

சண்முகம் ஒரு நகரப் பேருந்தின் நடத்துநர். காலை ஆறு மணிக்கு டவுனில் வண்டி எடுத்தால் மாலை வரை பத்து நடை. கிராமத்துக்கு ஐந்து, அங்கிருந்து டவுனுக்கு ஐந்து. வண்டியில் 48 இருக்கைகள்.

காலை 8.15 நடையில் ஆலமரத்து நிறுத்தம் வரும்போதெல்லாம் அவருக்கு மனம் கனக்கும். வண்டி ஏற்கெனவே நிறைந்திருக்கும். நான்கைந்து பள்ளிப் பிள்ளைகள் கையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, படிக்கட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி வேகத்தைக் கூட்டுவார். ஒரு நாள் வண்டி சற்றுத் தள்ளி நின்றபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். படியில் கால் வைக்க இடமில்லை. "அண்ணா, நாளைக்காவது நிப்பீங்களா?" என்று கேட்டாள். சண்முகம் பதில் சொல்லாமல் விசில் கொடுத்தார்.

அந்த வாரம் பணிமனையில் கூட்டம். கிளை மேலாளர் தாளைப் பார்த்துப் படித்தார். "உங்க ரூட்ல ஒரு நாளைக்கு 400 பயணிகள், பத்து நடை. நடைக்குச் சராசரி 40. இருக்கை 48. எல்லாரும் உட்கார்ந்துதான் போறாங்க, எட்டு சீட் காலியாவும் இருக்கு. மத்தியானம் ஒரு மணி, ரெண்டு மணி நடையை எடுத்துட்டா என்ன?"

சண்முகத்துக்குப் புரியவில்லை. கணக்கு சரிதான். டிரிப் ஷீட்டை எழுதியதே அவர்தான். ஆனால் எட்டு இருக்கை காலியாக இருந்த வண்டியை அவர் காலையில் பார்த்ததே இல்லை.

மறுநாள் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நடை முடிந்ததும் நேரத்தையும் ஆட்களையும் எழுதினார். நாள் முடிவில் நோட்டு இப்படி இருந்தது:

6.00 – கிராமத்துக்கு – 12
6.50 – டவுனுக்கு – 64
7.40 – கிராமத்துக்கு – 14
8.15 – டவுனுக்கு – 110
9.15 – கிராமத்துக்கு – 20
10.30 – டவுனுக்கு – 34
1.00 – கிராமத்துக்கு – 26
2.00 – டவுனுக்கு – 22
4.30 – கிராமத்துக்கு – 82
5.30 – டவுனுக்கு – 16

கூட்டினார். 400. பத்தால் வகுத்தார். 40. பிறகு நோட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். நாற்பது பேர் ஏறிய நடை ஒன்றுகூட இல்லை.

நோட்டோடு மேலாளரிடம் போனார். "சார், காலையில ஒன்பது மணிக்குள்ள நாலு நடை. அதை மட்டும் தனியா பாருங்க." மேலாளர் கூட்டிப் பார்த்தார். 12, 64, 14, 110, மொத்தம் 200. நான்கால் வகுத்தால் 50. "அம்பதுதானே. ரெண்டு பேர் நின்னா என்ன ஆயிடும்?" என்றார்.

சண்முகம் ஒரு கணம் திகைத்துவிட்டு, அந்த நான்கில் இரண்டை வட்டமிட்டார். "போற நடையையும் வர்ற நடையையும் சேர்த்துட்டீங்க சார். காலையில கிராமத்துக்குப் போற வண்டியில யாரு வரப்போறா? 12, 14. சராசரி 13. டவுனுக்கு வர்றதுதான் 64, 110. சராசரி 87."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சண்முகம் தொடர்ந்தார். "உங்க கணக்குல பத்து நடை சார். அதுல ஏழு நடையில சீட் காலி. என் கணக்குல நானூறு பேரு. அதுல 256 பேரு ஏறினது சீட்டுக்கு மேல ஆள் ஏறின மூணு நடையில."

"சரி, 8.15க்கு முன்னாடி இன்னொரு வண்டி அனுப்பினா?" என்று கேட்ட மேலாளர், தாமே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்த வண்டி கிராமத்துக்குக் காலியாகப் போக வேண்டும், கூட்டத்தில் பாதியை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நடை பன்னிரண்டு ஆகும். பயணிகள் அதே 400. 400 ÷ 12 = 33. பென்சிலைக் கீழே வைத்தார். "சராசரி நாற்பதுல இருந்து முப்பத்து மூணுக்கு இறங்கிடுமேய்யா. ரூட் படுத்துடுச்சுன்னு மேல கேப்பாங்களே?"

கதையை நான் இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். மேலாளர் என்ன முடிவெடுத்தார் என்று சொல்வதில்லை. "சண்முகம் என்ன பதில் சொல்ல வேண்டும்?" என்பதுதான் வகுப்புக்கான கேள்வி.

ஒரே கேள்வி, இரண்டு பேரிடம்

முதலில் பத்து மாணவர்களை முன்னே அழைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு நடையின் எண்ணை எழுதிய அட்டையைக் கொடுக்கிறேன். இவர்கள் பத்து நடைகள். "உன் வண்டியில் எத்தனை பேர்?" என்று வரிசையாகக் கேட்டு, பத்து எண்களையும் கரும்பலகையில் எழுதிச் சராசரி காண்கிறோம். 40 வருகிறது.

அடுத்து வகுப்பையே பயணிகளாக்குகிறேன். ஒரு மாணவர் பத்துப் பயணிகளுக்குச் சமம். பத்துக்கு முழுதாக்கினால் 8.15 நடைக்கு 11 பேர், 4.30 நடைக்கு 8 பேர், 6.50 நடைக்கு 6 பேர், 10.30க்கும் 1.00க்கும் மும்மூன்று பேர், 9.15, 2.00, 5.30 ஆகியவற்றுக்கு இருவர் இருவர், 6.00க்கும் 7.40க்கும் ஒவ்வொருவர். மொத்தம் 39 பேர். முழுதாக்கியதால் ஒருவர் குறைகிறார், அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கேட்பார்கள். வகுப்பில் ஆள் குறைவாக இருந்தால் பக்கத்து வகுப்பிலிருந்து அழைத்துக்கொள்ளலாம், அல்லது புளியங்கொட்டைகளைக் குவித்துக் காட்டலாம்.

இப்போது அதே கேள்வியை 39 பேரிடமும் கேட்கிறேன். "உன் வண்டியில் எத்தனை பேர்?" பதினொரு பேர் ஒருவர் பின் ஒருவராக "நூற்றுப் பத்து" என்கிறார்கள். எட்டுப் பேர் "எண்பத்திரண்டு", ஆறு பேர் "அறுபத்து நான்கு". காலை ஆறு மணி வண்டியில் வந்த ஒரே ஒரு பையன் "பன்னிரண்டு" என்கிறான், வகுப்பு சிரிக்கிறது. சொன்ன எண்களை எல்லாம் கூட்டி 39ஆல் வகுத்தால் ஏறக்குறைய 66 வருகிறது.

முழுதாக்காமல் 400 பயணிகளையும் கொண்டு செய்தாலும் இதேதான். 8.15 நடையில் 110 பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் 110 என்பார்கள், ஆகவே 110 × 110. இப்படி ஒவ்வொரு நடையின் எண்ணையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 26,232. அதை 400ஆல் வகுத்தால் 65.58.

ஒரே நாள், ஒரே வண்டி, ஒரே கேள்வி. நடைகளைக் கேட்டால் 40, பயணிகளைக் கேட்டால் 66. முதல் கணக்கில் 12 பேர் வந்த நடைக்கும் 110 பேர் வந்த நடைக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. இரண்டாவது கணக்கில் கூட்டமான நடைக்கு 110 ஓட்டு, காலியான நடைக்கு 12 ஓட்டு. கூட்டமான வண்டியில்தான் அதிகம் பேர் இருப்பார்கள். ஆகவே பயணிகள் பார்க்கும் வண்டி, பணிமனை பார்க்கும் வண்டியைவிடக் கூட்டமாகத்தான் இருக்கும். இரண்டும் சமமாக வர வேண்டுமானால் எல்லா நடையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும்.

"அப்படின்னா நாற்பது தப்பா சார்?" என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். 40 தவறில்லை. ஒரு நடைக்கு ஆகும் டீசல் செலவோடு அந்த நடையில் வரும் ஆட்களை ஒப்பிட வேண்டுமானால் 40தான் சரியான எண். ஒரு பயணிக்கு உட்கார இடம் கிடைக்குமா என்ற கேள்விக்கு அது விடையில்லை. மேலாளர் செய்த பிழை கணக்கில் இல்லை. ஒரு கேள்விக்கான விடையை எடுத்து இன்னொரு கேள்விக்குப் பொருத்தினார்.

மேலாளரின் பென்சில் கணக்கு

இப்போது கதை நின்ற இடத்துக்குத் திரும்பலாம். கூடுதல் வண்டி வந்து, 110 பேர் 55, 55 எனப் பிரிந்துவிட்டதாகக் கொள்வோம். காலியாகப் போகும் நடையில் 0. நடைச் சராசரி 33க்கு இறங்குகிறது. பயணிகளின் சராசரியைக் கணக்கிடச் சொல்லுங்கள். முன்பு கண்ட 26,232இல் 110 × 110 ஆன 12,100ஐ நீக்கி, 55 × 55ஐ இரண்டு முறை, அதாவது 6,050ஐச் சேர்த்தால் 20,182. 400ஆல் வகுத்தால் 50.

தாளில் வழித்தடம் 40இலிருந்து 33க்கு "இறங்கியது". ஏறிய மனிதருக்கோ நெரிசல் 66இலிருந்து 50க்குக் குறைந்தது. முன்னேற்றம் வீழ்ச்சி போலத் தெரிகிறது.

இதன் மறுபக்கத்தையும் செய்து பார்க்கலாம். மேலாளர் முதலில் நினைத்தபடி ஒரு மணி, இரண்டு மணி நடைகளை எடுத்துவிட்டால், அந்த 48 பேரும் பயணத்தையே விட்டுவிட்டதாகக் கொண்டால், எட்டு நடையில் 352 பேர். சராசரி 44. தாளில் வழித்தடம் "உயர்ந்தது". 8.15 வண்டியில் ஒரு கால்கூட இடம் கூடவில்லை. பயணிகளின் சராசரியோ 71 ஆகிறது. மதிய வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த முதியவர்கள் என்ன செய்வார்கள் என்பதை எந்தச் சராசரியும் சொல்லவில்லை.

ஆகவே சண்முகம் சொல்ல வேண்டிய பதிலை எங்கள் வகுப்பு இப்படி எழுதியது: "சார், சராசரியை எடுக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, சீட்டுக்கு மேல் ஆள் ஏறிய நடை எத்தனை, அதில் எத்தனை பேர் என்று எழுதுங்கள்." இரண்டு எண்கள் போதும்: மூன்று நடை, 256 பேர். சூத்திரம் எதுவும் தேவையில்லாத இந்த விடையை ஏழாம் வகுப்பு மாணவர்களே தந்தார்கள்.

மேலாளர் பக்கத்து நியாயத்தையும் வகுப்பில் பேசவிட வேண்டும். உச்ச நேரத்துக்கு என்று ஒரு வண்டியை ஒதுக்கினால், அதற்கு ஓட்டுநரும் நடத்துநரும் வேண்டும். அதே நேரத்தில் மற்ற வழித்தடங்களிலும் கூட்டம் இருக்கும். மதியம் சும்மா நிற்கும் வண்டியைக் காலைக்குக் கடனாக எடுக்க முடியாது, காலையில் எந்த வண்டியும் சும்மா நிற்பதில்லை. இதைக் கேட்டதும் ஒரு மாணவன், "பள்ளிக்கூட நேரத்தை அரை மணி தள்ளி வைத்தால்?" என்றான். அவன் வண்டியைக் கூட்டாமல் கூட்டத்தைப் பிரிக்கப் பார்க்கிறான். நல்ல யோசனை, அதையும் எண்களை மாற்றிக் கணக்கிடச் செய்தோம்.

மாணவர்கள் தடுமாறும் மூன்று இடங்கள்

முதலாவது, சராசரிகளின் சராசரி. காலை நான்கு நடைகளின் சராசரி 50. மீதி ஆறு நடைகளில் 200 பேர், சராசரி 33.3. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பார்க்கும் மாணவருக்கு 41.7 வரும், 40 வராது. நான்கு நடையையும் ஆறு நடையையும் சம எடையில் வைத்ததுதான் காரணம். இந்தப் பிழையை நாமே முன்வந்து செய்து காட்டி, "ஏன் நாற்பது வரவில்லை?" என்று கேட்பது நல்லது. மூன்று தேர்வுகளின் வகுப்புச் சராசரிகளைச் சேர்க்கும்போது, வருகை வேறுபட்டிருந்தால், ஆசிரியர்களாகிய நாமும் இதே பிழையைச் செய்கிறோம்.

இரண்டாவது, தவறாகப் பிரிப்பது. "காலை நேரத்தைத் தனியாகப் பார்த்தால் போதும்" என்று எல்லாரும் நினைப்பார்கள். கதையில் அது போதவில்லை. காலைச் சராசரி 50 என்பது, காலியாகப் போகும் வண்டியையும் நிறைந்து வரும் வண்டியையும் கலந்த எண். திசையைப் பிரித்த பிறகே 13, 87 என்று உண்மை தெரிந்தது. 87க்குள்ளேயும் 64, 110 என்ற வேறுபாடு இருக்கிறது. எது வரை பிரிப்பது? ஒரு தொகுதிக்குள் இருக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும் வரை. வீச்சு எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இங்கே விடை கிடைக்கிறது. 12, 14இன் வீச்சு 2. காலை நான்கு நடைகளின் வீச்சு 98.

மூன்றாவது, "இடைநிலை அளவு எடுத்தால் சரியாகிவிடும்" என்ற எண்ணம். ஓர் எண் மட்டும் மிகப் பெரிதாக இருந்தால் இடைநிலை அளவு நல்லது என்று நாம் சொல்லிக்கொடுத்திருப்போம். பத்து எண்களையும் ஏறுவரிசையில் எழுதினால் நடுவில் 22, 26. இடைநிலை அளவு 24. இது நெரிசலை இன்னும் ஆழமாக மறைக்கிறது. பெரிய எண்களால் பாதிக்கப்படாது என்பதுதான் இடைநிலை அளவின் சிறப்பு. இங்கே நாம் தேடுவதே அந்தப் பெரிய எண்களை. எந்த அளவு சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, கேள்வியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பத்தாம் வகுப்புக்கு ஒரு படி மேலே

திட்ட விலக்கம் நடத்தும் ஆசிரியர்கள் இதே பத்து எண்களைப் பயன்படுத்தலாம். விலக்க வர்க்கச் சராசரி 1023.2, திட்ட விலக்கம் ஏறக்குறைய 32. சராசரி 40 இருக்கும் இடத்தில் திட்ட விலக்கம் 32 என்பதே எச்சரிக்கை மணி. பிறகு 1023.2ஐ 40ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 25.58. அதை 40உடன் கூட்டினால் 65.58, பயணிகளின் சராசரி அப்படியே வந்து நிற்கும்.

இது தற்செயல் அல்ல. எண்களின் வர்க்கங்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்து, சராசரியின் வர்க்கத்தைக் கழித்தால் விலக்க வர்க்கச் சராசரி என்பது மாணவர்களுக்குத் தெரிந்த சூத்திரம். அதை இடம் மாற்றி எழுதி, இரு பக்கத்தையும் சராசரியால் வகுத்தால் போதும்:

பயணிகளின் சராசரி = நடைச் சராசரி + (விலக்க வர்க்கச் சராசரி ÷ நடைச் சராசரி)

பரவல் அதிகமாக அதிகமாக, இரண்டு சராசரிகளுக்கும் இடைவெளி அதிகமாகும். பரவல் சுழியானால் இரண்டும் ஒன்றாகும். திட்ட விலக்கத்தை ஏன் கண்டுபிடிக்கிறோம் என்று மாணவர் கேட்டால், படிக்கட்டில் நிற்பவரைக் காட்டலாம்.

நோட்டில் ஏறாதவர்கள்

நடத்துநரின் நோட்டுக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நடையில் 34 பேர் ஏறினார்கள் என்றால் 34 பேரும் ஒரே நேரத்தில் வண்டிக்குள் இருந்தார்கள் என்று பொருளில்லை. பாதி வழியில் பதினைந்து பேர் இறங்கி, அதே இடத்தில் வேறு சிலர் ஏறியிருக்கலாம். காலை நடையிலோ பெரும்பாலோர் பள்ளி நிறுத்தமும் பேருந்து நிலையமும் வரும் வரை இறங்குவதில்லை. நெரிசலைச் சரியாக அளக்க, வண்டி மிக அதிகமாக நிறைந்திருக்கும் இடத்தில் தலைகளை எண்ண வேண்டும். விற்ற சீட்டுகளை மட்டும் எண்ணினால் இன்னொரு குறையும் வரும். இலவசப் பயண அட்டையோடும் சீருடையோடும் வரும் மாணவர்களுக்குச் சீட்டு கொடுக்கவில்லை என்றால், மிகக் கூட்டமான நடையில்தான் எண்ணிக்கை மிகக் குறைவாகப் பதிவாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. 8.15 நடையில் 110 என்று எழுதியிருக்கிறது. ஆலமரத்து நிறுத்தத்தில் ஏற முடியாமல் நின்ற ஐந்து பேர் அந்த 110இல் இல்லை. அவர்கள் 400இலும் இல்லை. 110 என்பது எத்தனை பேர் போக வேண்டியிருந்தது என்ற எண் அல்ல, வண்டியில் எத்தனை பேர் திணிய முடிந்தது என்ற எண். சண்முகம் எவ்வளவு கவனமாக எழுதினாலும், ஏறாதவரைப் பேருந்துக்குள்ளிருந்து எண்ண முடியாது. அதை நிறுத்தத்தில் நின்றுதான் எண்ண வேண்டும்.

நம் பதிவேடுகளில்

இதே கணக்கு நம் பள்ளிகளிலும் இருக்கிறது. ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் 20 பேர், ஏழாம் வகுப்பில் 25 பேர், எட்டாம் வகுப்பில் 60 பேர், மூன்று ஆசிரியர்கள் என்று கொள்வோம். மொத்தம் 105, சராசரி 35. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணை உயர் தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லும் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவு சரியாக அமைந்துவிடுகிறது. மாணவர்களைக் கேட்டால் 60 பேர் "எங்கள் வகுப்பில் அறுபது பேர்" என்பார்கள். அவர்கள் கணக்கில் சராசரி 44. எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கு இது புதிதல்ல.

இந்தக் கதையை நடத்திய பிறகு தாமத வருகை நோட்டில் நான் இரண்டு கட்டங்களைக் கூடுதலாகப் போட்டேன். வந்த நேரத்துக்குப் பக்கத்தில் எந்த நிறுத்தம், எந்த வண்டி என்பவை அவை. மாதம் ஒன்றுக்கு மொத்தம் எத்தனை தாமதம் என்று முன்பு கூட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நிறுத்தவாரியாகக் கூட்டுகிறோம். ஏழாம் வகுப்பு மாணவர்களே அதைச் செய்கிறார்கள். முதல் மாதக் கணக்கிலேயே பாதிக்கு மேல் ஒரே நிறுத்தத்தில் குவிந்திருந்தது. அந்தத் தாளைத் தலைமையாசிரியரின் கடிதத்தோடு இணைத்துப் பேருந்துப் பணிமனைக்குக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த ஐந்து பிள்ளைகள் வாசலில் நிற்பது அன்றோடு நின்றது.